நல்லதண்ணியில் எடுத்த இரண்டு படங்களும் ஒரு மலிவு பில்டரும்: நிகழ்வு ஆய்வு

லென்ஸைப் பாதுகாக்க முன்னால் ஒரு மலிவு கண்ணாடி பில்டரைப் போட்டால் படத்தின் கூர்மை குறையுமா, விளக்குகளுக்குப் போலி விம்பம் விழுமா என்று ஹட்டன் பக்கம் கெமரா வைத்திருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டும் நடக்கும். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு, நடக்கும் நேரமும் வேறு. ஒரே ஆளுக்கு, ஒரே வேலையில், இரண்டும் தனித்தனியாக வந்த ஒரு சம்பவம் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பின்னணி

மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருக்கும் இளைஞர் ஒருவர், தோட்டத்துக் கோயில் திருவிழா, சடங்கு, கல்யாணம் என்று படம் எடுத்துக் கொடுப்பவர். கையில் இருப்பது பழையதாக வாங்கிய ஏபிஎஸ்-சி சென்சர் டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு 18-55 லென்ஸும் 55-250 லென்ஸும். இரண்டுக்கும் முன் வளையம் 58 மில்லிமீட்டர்தான். இந்த அளவு ஒற்றுமை பிறகு எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

கெமரா வாங்கிய கடையிலேயே இரண்டு லென்ஸிலும் ஒவ்வொரு யுவி பில்டரைத் திருகிக் கொடுத்திருக்கிறார்கள். மலையில் புற ஊதாக் கதிர் அதிகம், இது இருந்தால் மூடுபனி தெளிவாகும், கீறலும் விழாது என்று சொல்லித்தான் விற்றார்களாம். கீறல் விஷயம் சரி. மற்றது சரியில்லை. மலையில் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடுவது உண்மைதான், பிலிம் காலத்தில் தூரத்து மலைகள் நீலம் பாய்ந்து மங்கலாக விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் டிஜிட்டல் சென்சருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி அடுக்கே அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. நம் ஊர் மூடுபனி என்பது நீர்த்துளிகள். அது எல்லா நிற ஒளியையும் ஒன்றாகச் சிதறடிக்கும், யுவி பில்டருக்கு அதில் செய்ய எதுவும் இல்லை.

உந்துவப் போயா தாண்டி சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கியபோது, நல்லதண்ணியில் தங்குமிடம் நடத்தும் ஒருவர் இந்தத் தம்பியிடம் இரண்டு படம் கேட்டார். மலை அடிவாரத்திலிருந்து உச்சி வரை விளக்கு எரியும் பாதையை இரவில் எடுத்த அகலப் படம் ஒன்று. விடியலில் உச்சிக் கோயிலை மட்டும் கிட்டே இழுத்து எடுத்த படம் ஒன்று. இரண்டையும் வரவேற்பறைச் சுவரில் பெரிதாக மாட்டப் போகிறாராம். போன் திரையில் பார்த்து மறந்துவிடும் படம் என்றால் இந்தப் பேச்சே வந்திருக்காது. மூன்றடி அகலத்துக்குப் பிரிண்ட் போடும்போதுதான் குறை தெரிந்தது.

முறைப்பாடு

மாதிரிப் பிரிண்டைப் பார்த்த தங்குமிட முதலாளி கேட்ட முதல் கேள்வி: "தம்பி, வானத்தில என்ன லைட் எரியுது?"

உண்மையிலேயே எரிந்தது. பாதை விளக்குகள் படத்தின் வலது கீழ் மூலையில், கடைத் தெருவின் பளிச்சென்ற விளக்குகளோடு தொடங்கி, வளைந்து வளைந்து இடப்பக்கமாக ஏறி, நடுவுக்குச் சற்றுக் கீழே உச்சியில் முடிந்தன. அதற்கு மேலே வெறும் இருண்ட வானம் இருக்க வேண்டிய இடத்தில், மங்கலான பச்சை கலந்த புள்ளிகள் வரிசையாக இடது மேல் மூலை வரைக்கும் போயிருந்தன. தூசு போலவோ வட்டமாகப் பரவிய ஒளி போலவோ இல்லை, ஒவ்வொன்றும் கூர்மையான சின்னப் புள்ளி. முதலாளி அதை நட்சத்திரம் என்று நினைக்கவில்லை, ஏனென்றால் அவை போன வளைவு அவருக்குத் தெரிந்த பாதையின் வளைவாகவே இருந்தது.

இரண்டாவது படத்தில் வேறு குறை. உச்சிக் கோயிலின் கூரை விளிம்பும் படிக்கட்டுக் கைப்பிடியும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இரட்டைக் கோடு மாதிரி இருந்தன. தம்பி அதை மூடுபனி என்று எடுத்துக்கொண்டு கணினியில் கூர்மையைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். இரட்டைக் கோடு இன்னும் தடித்துத் தெரிந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் இரண்டு லென்ஸையும் கெமராவையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்தார். "அண்ணே, ரெண்டு லென்ஸும் பூஞ்சணம் பிடிச்சிருச்சு போல" என்பதுதான் அவர் சந்தேகம். இங்கே அது நியாயமான சந்தேகம். மாதக் கணக்கில் ஈரம் ஊறும் ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். டோர்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தோம். இரண்டும் உள்ளே சுத்தம்.

இரவுப் படம்: புள்ளிகள் எங்கிருந்து வந்தன

அவர் கொண்டுவந்த படத்தில் விளக்குகளுக்கும் புள்ளிகளுக்கும் ஒரு தொடர்பு இருப்பது தெரிந்தது, ஆனால் அளவு பொருந்தவில்லை. காரணம், பிரிண்டுக்காக ஓரங்களை வெட்டியிருந்தார். இந்தச் சோதனைக்கு வெட்டாத, சாய்வு திருத்தாத மூலப்படம்தான் வேண்டும். ஏனென்றால் கணக்கு முழுவதும் லென்ஸின் மையம் விழுந்த இடத்தை வைத்து நடக்கிறது, ஓரத்தை வெட்டினால் அந்த மையம் படத்தின் மையத்தில் இருக்காது.

மூலப்படத்தை எடுத்து, அதையே இன்னொரு அடுக்காக மேலே வைத்து, 180 பாகை திருப்பி, பாதி ஊடுருவித் தெரியும்படி விட்டோம். திருப்பிய அடுக்கின் பாதை விளக்குகள் வானத்துப் புள்ளிகளின் மேல் போய்ச் சரியாக உட்கார்ந்தன. கடைத் தெருவில் இருந்த மூன்று பெரிய விளக்குகள்கூட அதே இடைவெளியோடு எதிர் மூலையில் இருந்தன. இந்த அடையாளம் கிடைத்துவிட்டால் அதிகம் தேட வேண்டியதில்லை. சென்சருக்கும் பில்டருக்கும் நடுவில் ஒளி போய் வந்திருக்கிறது.

நடப்பது இதுதான். விளக்கின் ஒளி லென்ஸ் வழியாக வந்து சென்சரில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. சென்சரின் முன்பக்கம் ஓரளவு பளபளப்பானது, அதனால் அந்த ஒளியில் கொஞ்சம் திரும்பி லென்ஸ் வழியாகவே வெளியே போகிறது. லென்ஸ் தூரத்துக்குப் போகஸ் செய்யப்பட்டிருப்பதால் வெளியே போகும் கற்றை சமாந்தரமாகப் போகும். முன்னால் தட்டையான கண்ணாடி ஒன்று நேராக நின்றால் அதில் ஒரு பங்கு தெறித்து, சமாந்தரமாகவே மறுபடியும் உள்ளே வந்து, மையத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இன்னொரு கூர்மையான புள்ளியாகக் குவியும். லென்ஸின் முன் கண்ணாடியும் இப்படித் தெறிக்க வைக்கும்தான், ஆனால் அது வளைந்தது, தெறிப்பைக் குறைக்கும் நல்ல கோட்டிங் பூசியது, ஆகவே அங்கிருந்து திரும்புவது பெரும்பாலும் பரவிப் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் போகும். தட்டையாக இருப்பதுதான் பில்டரின் பிரச்சினை.

மலிவு பில்டர் இதில் ஏன் மோசம் என்றால், கோட்டிங் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 வீதத்தைத் தெறிக்க வைக்கும். பில்டருக்கு இரண்டு முகம், ஆக 8 வீதம். நல்ல மல்டி கோட்டிங் உள்ளதில் இது ஒரு முகத்துக்கு அரை வீதத்துக்கும் கீழே போகும். தம்பியின் பில்டரைக் கழற்றி ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தோம். விளக்கு அதில் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது, ஜன்னல் கண்ணாடியில் தெரிவதைப் போலவே. வளையத்தில் கோட்டிங் உள்ளது என்ற பொருளில் எழுத்து அச்சடித்திருந்ததை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. மல்டி கோட்டிங் உள்ள ஒன்றைப் பக்கத்தில் பிடித்தபோது அதே விளக்கு மங்கிய பச்சையாகவும் ஊதாவாகவும் மட்டும் தெரிந்தது.

சரி, இவ்வளவுதான் தெறிக்கிறது என்றால் பகலில் ஏன் தெரியவில்லை என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சென்சரில் ஒரு தடவை, பில்டரில் ஒரு தடவை என்று இரண்டு முறை தெறித்து வருவதால் போலி விம்பத்தின் பலம் மூல ஒளியில் மிகச் சிறிய பங்குதான். பகல் படத்தில் எல்லா இடமும் வெளிச்சம், அந்தச் சின்னப் பங்கு அதற்குள் மூழ்கிவிடும். இரவுப் படத்தில் அவர் வைத்தது 18 மில்லிமீட்டர், எப் 5.6, 15 வினாடி. மலையின் உருவம் தெரிய அவ்வளவு நேரம் வேண்டும், ஆனால் கடைத் தெரு விளக்குக்கு அது நிரம்பி வழியும் அளவைவிடப் பல மடங்கு கூட. அப்படி வழிகிற ஒளியின் சின்னப் பங்குகூட கறுத்த வானத்தில் பளிச்சென்று விழும். கற்பூரத் தீபமும் தேரில் கட்டிய பல்ப் மாலையும் எடுக்கும்போதும் இதே கதைதான். அவருடைய பழைய திருவிழாப் படங்களைத் திறந்து பார்த்ததும் சாமிக்கு எதிர்ப்பக்க இருட்டில் பல்ப் மாலையின் நகல் கிடந்தது, அது வரைக்கும் யாரும் கவனிக்கவில்லை.

உறுதிப்படுத்த, இருட்டான அறையில் ஒரு பல்பை வைத்து எடுத்தோம். பில்டரோடு எடுத்தால் எதிர்ப்பக்கத்தில் புள்ளி விழுந்தது. கெமராவை இடப்பக்கம் திருப்பினால் பல்ப் படத்தில் வலப்பக்கம் போனது, புள்ளி இடப்பக்கம் போனது. பில்டரைக் கழற்றி, திருகாமல் கையில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தபோது புள்ளி இடம் மாறி ஓடியது. முழுக்க எடுத்துவிட்டால் புள்ளியே இல்லை. மிஞ்சியது லென்ஸுக்குள்ளேயே உண்டாகும் மெல்லிய நிறத் திட்டு ஒன்றுதான், அது லென்ஸுக்குள் ஒளி வரும் துவாரமான அபேர்ச்சரின் வடிவத்தில் பரந்து இருக்கும், இந்தக் கூர்மைப் புள்ளியோடு அதைக் குழப்பிக்கொள்ள முடியாது.

விடியல் படம்: கூர்மை எங்கே போனது

இதில் அவசரப்பட முடியாது. டெலி லென்ஸில், அதாவது தூரத்தைக் கிட்டே இழுக்கும் 55-250 இல், கூர்மை குறைய பில்டர் தவிர நாலைந்து காரணம் உண்டு. கை நடுக்கம், ட்ரைபொட் ஆட்டம், போகஸ் தவறு, நடுவில் இருக்கும் காற்றும் பனியும், அப்புறம் பில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் படியும் ஈரம். கடைசியாகச் சொன்னது எங்கள் பக்கம் உண்மையிலேயே நடக்கும். குளிரில் நின்ற கெமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் பில்டரின் உட்பக்கம் வேர்க்கும், வெளியே துடைத்தாலும் போகாது. ஆனால் ஈரம் படிந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளிறும், விளிம்புகள் இரட்டைக் கோடாக மாறாது. கோயில் படத்தில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

ஸ்டூடியோ மாடியிலிருந்து பள்ளத்துக்கு அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலை தெரியும். மாடி மாடியாக வரிசை ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னச் சட்டங்கள். நேர்க்கோடும் குறுக்குக்கோடும் நிறைந்த ஒரு சுவர் இதற்கு மிக நல்ல இலக்கு. பனி இல்லாத காலை ஒன்றில், வெயில் ஏறி காற்று சூடாகு முன், ட்ரைபொட்டில் வைத்தோம். லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்தோம். லைவ் வியூவில் பத்து மடங்கு பெருக்கி, கையால் போகஸ் செய்தோம், இரண்டு வினாடி டைமர் வைத்து எடுத்தோம். பில்டரோடு, பில்டர் இல்லாமல், மறுபடியும் பில்டரோடு, மறுபடியும் இல்லாமல் என்று மாற்றி மாற்றி எடுத்தோம், ஒவ்வொரு தடவையும் போகஸைப் புதிதாகச் செய்தோம். ஒரு தடவை போட்டும் ஒரு தடவை கழற்றியும் எடுத்து முடிவு சொன்னால், நடுவில் காற்று மாறியதா பில்டர் மாறியதா என்று பிரிக்க முடியாது.

250 மில்லிமீட்டரில் எப் 5.6 வைத்து எடுத்த படங்களில் வித்தியாசம் வெளிப்படையாக இருந்தது. பில்டர் இல்லாதவற்றில் ஜன்னல் சட்டம் ஒற்றைக் கோடு. பில்டரோடு எடுத்தவற்றில் அதே சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழல் கோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் குறுக்குச் சட்டங்களைவிட நேர்ச் சட்டங்களில்தான் அதிகம். பிறகு அபேர்ச்சரை எப் 11 ஆகக் குறைத்தோம். பில்டரோடு எடுத்த படமும் கணிசமாகத் தேறியது.

முடிவைத் தீர்த்து வைத்தது அடுத்த சோதனை. பில்டரை முழுக்கத் திருகாமல், கால் சுற்று திருப்பிய நிலையில் விட்டு எடுத்தோம். நிழல் கோடு இப்போது குறுக்குச் சட்டங்களுக்கு மாறிவிட்டது. இன்னொரு கால் சுற்றில் மறுபடியும் நேர்ச் சட்டங்களுக்கு வந்தது. நடுக்கமோ காற்றோ லென்ஸின் சொந்தக் கோளாறோ பில்டரோடு சேர்ந்து திரும்பாது. குறை கண்ணாடியிலேயே இருக்கிறது, ஒரு திசையில் அது சற்று வளைந்திருக்கிறது.

அப்படியென்றால் இதே பில்டரை 18-55 இல் போட்டால் என்ன ஆகும்? இரண்டும் 58 மில்லிமீட்டர் என்பதால் உடனே பார்க்க முடிந்தது. 18 மில்லிமீட்டரில், பில்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜன்னல்கள் ஒரே மாதிரி. எத்தனை பெருக்கினாலும் இது எது, அது எது என்று சொல்ல முடியவில்லை.

இதற்கான விளக்கம் லென்ஸ் எவ்வளவு அகலமாகக் கண் திறக்கிறது என்பதில் இருக்கிறது. குவியத் தூரத்தை எப் எண்ணால் வகுத்தால் அந்த அகலம் கிடைக்கும். 250 ஐ 5.6 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர். அதாவது தூரத்தில் இருக்கும் ஒரே ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி பில்டரின் பெரும்பகுதியைக் கடந்து வருகிறது, ஆகவே கண்ணாடியின் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறு பக்கம் வேறு மாதிரியும் வளைத்தால் அந்த ஒளி ஒரே இடத்தில் கூடாது. 18 ஐ 5.6 ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு புள்ளிக்கு அந்தச் சின்ன வட்டம் மட்டும்தான் வேலை செய்கிறது, அவ்வளவு சின்ன இடத்துக்குள் கண்ணாடி கிட்டத்தட்டச் சமமாகவே இருக்கும். தோட்டத்துப் பழைய துரை பங்களாக்களின் ஜன்னல் கண்ணாடி வழியாக நேரே பார்த்தால் மரம் மரமாகத்தான் தெரியும், அதே கண்ணாடி வழியாகப் பைனாகுலர் வைத்துப் பார்த்தால் எல்லாம் நெளியும். எப் 11 இல் தேறியதற்கும் இதுவே காரணம், 45 மில்லிமீட்டர் அங்கே 23 ஆகச் சுருங்கிவிடுகிறது.

கடைசியாக மற்ற பில்டரை, 18-55 இல் இருந்ததை, டெலி லென்ஸில் மாட்டினோம். அதே பெயர், அதே விலை, ஒரே நாளில் வாங்கியது. அதில் நிழல் கோடு இல்லை, பில்டர் இல்லாத படத்தோடு ஒப்பிட்டால் சற்றே மென்மை, அவ்வளவுதான். ஆக, மலிவு பில்டர் எல்லாம் டெலியில் கூர்மையைக் கெடுக்கும் என்று இந்தச் சம்பவத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஒன்று பரவாயில்லை, ஒன்று மோசம், எது கையில் கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். போலி விம்ப விஷயத்தில் அப்படி அதிர்ஷ்டம் எதுவும் இல்லை, கோட்டிங் இல்லாததால் இரண்டும் ஒரே அளவுக்குக் காட்டின.

எடுத்த முடிவுகள்

தம்பி இரண்டையும் அங்கேயே குப்பையில் போடத் தயாராக இருந்தார். நான் தடுத்தேன். அவர் எடுப்பது அலுமாரிக்குள் வைத்த பொம்மைகளை அல்ல. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், குங்குமமும் திருநீறும் காற்றில் பறக்கும், கூட்டத்தில் யாராவது முழங்கையால் லென்ஸை இடிப்பார்கள். மஞ்சள் தண்ணீர் காய்ந்து லென்ஸின் முன் கண்ணாடியில் ஒட்டினால் தேய்த்துத் தேய்த்துக் கோட்டிங் போய்விடும். அந்த இடத்தில் பில்டர் உண்மையிலேயே ஒரு பாதுகாப்பு.

ஆகவே இடத்தைப் பார்த்துப் பிரித்தோம். டெலி லென்ஸில் பில்டரே வேண்டாம், அதற்குப் பதில் லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு வளையமான ஹூட். அவரிடம் அந்த லென்ஸுக்கு ஹூட் இல்லை, அதை வாங்கச் சொன்னேன். ஹூட் கண்ணாடி அல்ல, படத்தைக் கெடுக்க அதில் எதுவும் இல்லை, பக்க வெளிச்சத்தைத் தடுக்கும், விழுந்தால் முதல் அடியையும் அதுதான் வாங்கும். 18-55 க்கு மல்டி கோட்டிங் உள்ள நல்ல பில்டர் ஒன்று, பொடியும் தண்ணீரும் பறக்கும் இடத்தில் மட்டும். விளக்கோ தீபமோ சூரியனோ படத்துக்குள் வந்து சுற்றிலும் இருட்டாக இருந்தால் அதையும் கழற்றிவிடுவது.

நல்ல பில்டரையும் ஏன் கழற்ற வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டார், விலை கொடுத்து வாங்குகிறவர் கேட்கத்தான் வேண்டும். அதே இருட்டு அறையில், அதே பல்பை வைத்துக் காட்டினேன். மல்டி கோட்டிங் பில்டரில் புள்ளி வெகுவாக மங்கியது, ஆனால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் இருந்த இடத்தில் இருந்தது. தெறிப்பு குறைகிறதே தவிர இல்லாமல் போகவில்லை. சிவனொளிபாதமலைப் பாதை போல நூற்றுக்கணக்கான விளக்கு உள்ள படத்தில் அந்த மிச்சமும் வேண்டாம்.

கழற்றுவதிலும் ஒரு சிக்கல் வந்தது. மலிவு அலுமினிய வளையம் லென்ஸின் திருகோடு இறுகிப் போயிருந்தது. விரலால் பலமாக அழுத்திப் பிடித்துத் திருகினால் வளையம் முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். றப்பர் கையுறை போட்டு, சுற்றிலும் சமமாக மெதுவாகப் பிடித்துத் திருகியதும் வந்துவிட்டது. இருட்டில், குளிரில், மலையடிவாரத்தில் நின்று இதைச் செய்ய முடியாது, ஆகவே இரவுப் படத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொன்னேன்.

பிறகு நடந்தது

முதலாளி காத்திருக்க ஒப்புக்கொண்டார். பருவம் வெசாக் வரைக்கும் இருக்கிறது, விளக்கு அணையப் போவதில்லை. முகில் இல்லாத இரவு கிடைக்கத்தான் நாள் எடுத்தது.

இரவுப் படம் பில்டர் இல்லாமல், முன்பு வைத்த அதே அளவுகளில் எடுக்கப்பட்டது. வானம் சுத்தம். முதல் படத்தையே திருத்தியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வெறும் வானத்தில் விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்கலாம்தான். ஆனால் உச்சிக்குப் பக்கத்து விளக்குகள் படத்தின் மையத்துக்குக் கிட்ட இருந்ததால் அவற்றின் நகலும் மையத்துக்குக் கிட்டவே விழுந்து, மலை முகட்டோடும் அதில் படிந்த மெல்லிய முகிலோடும் கலந்திருந்தது. அங்கே எது உண்மை விளக்கு, எது நகல் என்று பிரிப்பதே பெரும்பாடு. ஒருவர் காசு கொடுத்துச் சுவரில் மாட்டும் படத்தில் பாதை விளக்கை ஊகித்து அழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விடியல் படமும் பில்டர் இல்லாமல், ஹூட்டோடு எடுக்கப்பட்டது. கைப்பிடி ஒற்றைக் கோடாக வந்தது, கூரை விளிம்பும் அப்படியே. ஆனால் கோயிலுக்கும் அடிவாரத்துக்கும் நடுவில் இருந்த பனி அன்று இருந்தது, படத்தின் கறுப்பு கொஞ்சம் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. அதைக் கணினியில் மாறுபாட்டைக் கூட்டிச் சரிசெய்தார். விளிம்பு கூர்மையாக விழுந்திருந்ததால் அது எடுபட்டது. முன்பு இரட்டைக் கோடாக விழுந்ததை எந்தத் திருத்தமும் ஒற்றையாக்கவில்லை. இரண்டு பிரிண்டையும் முதலாளி வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை வேறு மாதிரிச் செய்ய வேண்டியவை

வாங்கும்போதே கடையில் பார்த்துவிடலாம், அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கோட்டிங்குக்கு, கடை ட்யூப் லைட்டின் கீழே பில்டரைப் பிடித்துத் தெறிப்பின் நிறத்தையும் பலத்தையும் பார்ப்பது. தட்டைக்கு, அதே விளக்கின் தெறிப்பைச் சாய்வாகப் பார்த்துக்கொண்டே பில்டரை மெல்லச் சுழற்றுவது, விளிம்புக் கோடு நெளிந்தால் வைத்துவிட்டு வரலாம். நெளியாவிட்டாலும் டெலி லென்ஸுக்குத் தகுதி என்று அர்த்தமில்லை, கண்ணுக்குத் தெரியாத வளைவே 250 மில்லிமீட்டரைக் கெடுக்கப் போதும். அதற்குக் கடை வாசலில் நின்று, தெருவுக்கு அப்பால் உள்ள பெயர்ப் பலகையைப் போட்டும் கழற்றியும் எடுத்துப் பெருக்கிப் பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று ஓட்டோ போகஸ். எங்கள் சோதனை முழுவதையும் லைவ் வியூவில் கையால் போகஸ் செய்து நடத்தினோம், கண்ணாடியின் குறையை மட்டும் பிரித்தெடுக்க அது அவசியம். ஆனால் தம்பி அந்த விடியல் படத்தை எடுத்தது வியூபைண்டர் வழியாக, ஓட்டோ போகஸில். டிஎஸ்எல்ஆரின் வியூபைண்டர் போகஸ், லென்ஸின் எதிரெதிர்ப் பகுதிகள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டுத்தான் தூரத்தைக் கணிக்கிறது. பில்டரின் அந்த இரண்டு பகுதிகளும் ஒளியை வேறு வேறு மாதிரி வளைத்தால் கணிப்பே பிசகலாம். அவருடைய முதல் படத்தில் கண்ணாடியால் வந்த மங்கல் எவ்வளவு, போகஸ் பிசகால் வந்தது எவ்வளவு என்று நாங்கள் பிரிக்கவில்லை. இப்படி ஒரு முறைப்பாடு இனி வந்தால், தொழிற்சாலை ஜன்னலை ஓட்டோ போகஸில் ஒரு வரிசை, கை போகஸில் ஒரு வரிசை என்று இரண்டு விதமாகவும் எடுப்போம். அந்த வளைந்த பில்டரை அதற்காகவே உறையில் குறிப்பெழுதி ஸ்டூடியோ லாச்சியில் வைத்திருக்கிறேன், மற்றது பகல் நேரத் திருவிழாக்களுக்காகத் தம்பியின் பையில் இருக்கிறது.